சின்னத் தையலின் கூலிக் கணக்கு

பேண்ட்டின் கீழ் மடிப்பைத் தைக்க மெஷினில் 5 நிமிடம் போதும். ஆனால் அளவெடுத்து, பழைய தையலைப் பிரித்து, நூல் மாற்றி, இஸ்திரி போட இன்னும் 20 நிமிடம் ஆகும். கூலி அந்த 25 நிமிடத்துக்கும் சேர்த்தே இருக்க வேண்டும்.

உதாரணமாக, வாடகை, மின்சாரம், உழைப்பு எல்லாம் சேர்த்து மணிக்கு 180 ரூபாய் வேண்டிய கடைக்கு நிமிடத்துக்கு 3 ரூபாய். மடிப்புக்கு 75 ரூபாய். ஜிப் மாற்ற 40 நிமிடம் என்றால் 120 ரூபாயும் ஜிப்பின் விலையும்.

இடுப்பைப் பிடிக்கும் வேலையில் உள்துணி இருந்தால் நேரம் கூடும்; உடுப்பைப் பார்த்த பிறகே விலை சொல்வது நல்லது. பொத்தான் தைப்பது போன்ற துண்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி ஒன்றை வைக்கலாம். ஒரே நிற நூலில் பல உடுப்பு வந்தால் நேரம் மிச்சமாகும். அந்த அளவுக்கு மட்டும் குறைக்கலாம்.