பெர்மாஸ் ஜெயா வீட்டுக்கு ‘மாசாய்’ என்று ஏன் எழுத வேண்டும்?

கோத்தா திங்கி – இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு முகவரி எழுதுவதில் குழப்பம் வந்திருக்க வாய்ப்பில்லை. அஞ்சலகத்தின் பெயர் கோத்தா திங்கி, அஞ்சல் குறியீடு 81900. வீட்டு மதிப்பீட்டு வரி கட்டுவது கோத்தா திங்கி மாவட்ட மன்றத்தில். மாவட்டத்தின் பெயரும் கோத்தா திங்கி. டவுன் பக்கத்து நிலப் பட்டாவை எடுத்துப் பார்த்தால் முக்கிமின் பெயரும் அதுவே. ஒரே பெயர் நான்கு வேலைகளைச் செய்வதால், அவை நான்கும் வேறு வேறு என்பதே நமக்குத் தெரிவதில்லை.

பிள்ளைகள் வேலைக்காக ஜொகூர் பாரு பக்கம் போய் வீடு வாங்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. தோட்டத்திலிருந்து டவுனுக்குக் குடிவந்த ஓர் அம்மா அண்மையில் என்னிடம் இப்படிக் கேட்டார்: “ஏன் தம்பி, மகன் வீடு வாங்கினது ஜொகூர் பாருல, பெர்மாஸ் ஜெயாவுல. வரி பில்லு ஜொகூர் பாரு மாநகர் மன்றத்துல இருந்துதான் வருது. அப்புறம் பேங்க்குல மட்டும் ஏன் மாசாய்னு போட்டு அனுப்புறாங்க? மாசாய் பாசிர் கூடாங் பக்கம் இல்லையா?”

அவர் சொன்னது சரி. வங்கி எழுதியதும் சரி. பெர்மாஸ் ஜெயா ஜொகூர் பாரு மாநகர் மன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் நகரம் வந்துவிடும். ஆனால் அதன் அஞ்சல் முகவரி ‘81750 மாசாய்’. இன்னும் கிழக்கே உள்ள ஸ்ரீ ஆலாமுக்கும் அதே 81750 மாசாய்தான். அந்த வீட்டுக்காரர்களோ வரி கட்டுவது பாசிர் கூடாங் மாநகர் மன்றத்தில். ஒரே அஞ்சல் பெயருக்குள் இரண்டு மாநகரங்கள்!

காரணம் எளியது. முகவரியின் கடைசியில் குறியீட்டுக்குப் பக்கத்தில் எழுதும் ஊர்ப்பெயர், வீடு எந்த ஊரில் இருக்கிறது என்பதைச் சொல்வதற்காக எழுதப்படுவதில்லை. அந்தத் தெருவின் கடிதங்களை எந்த அஞ்சலகத்தின் பெயரில் பிரிக்கிறார்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. தபால்காரர் எந்தச் சாலை வழியாகப் போய்வர முடியும், எந்தக் கடைத்தெருவில் ஏற்கெனவே அஞ்சலகம் இருந்தது என்பதை வைத்து அந்த வட்டாரம் அமைகிறது. நகராண்மைக் கழக எல்லையை வகுப்பது மாநில அரசு, 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் கீழ். குப்பை எடுப்பதும், கால்வாய் பார்ப்பதும், வரி வசூலிப்பதும், கடைக்கு உரிமம் கொடுப்பதும் அந்த எல்லையை வைத்து நடக்கும். இரண்டு வரைபடங்களும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

வரலாற்றைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பாசிர் கூடாங் தொழிற்பேட்டையாகவும் துறைமுகமாகவும் எழும்பியது 1970களில். மாசாய் அதற்கு முன்பே கடைத்தெருவோடு இருந்த ஊர். பாசிர் கூடாங்கின் நிர்வாகத்தை நீண்ட காலம் ஜொகூர் கார்ப்பரேஷன் கவனித்தது. 2008இல் அது நகராண்மைக் கழகமானது. 2020 நவம்பர் 22இல் மாநகரமானது. ஜொகூர் பாரு 1994 ஜனவரி 1இல் மாநகரமானது. இப்படி ஒவ்வொரு முறை தகுதியும் எல்லையும் மாறும்போது அஞ்சல் பெயரையும் மாற்றினால், வங்கி, காப்புறுதி, பள்ளி என எல்லா இடத்திலும் மக்கள் முகவரியைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் அஞ்சல் பெயர் அப்படியே நிற்கிறது. சில நேரம் பெயர் மாறுவதும் உண்டு. நூசாஜெயா என்று எழுதிய இடத்தில் இப்போது இஸ்கண்டார் புத்ரி என்று எழுதுகிறோம். ஆனால் 79100 என்ற குறியீடு மாறவில்லை.

நம் மாவட்டத்திலேயே இதற்கு வேடிக்கையான உதாரணம் ஒன்று உண்டு. கடற்கரைப் பக்கம் பெங்கெராங்கிற்குத் தனி நகராண்மைக் கழகம் இருக்கிறது. அதன் அலுவலகம் பண்டார் பெனாவாரில் உள்ளது. ஆகவே பெங்கெராங் நகராண்மைக் கழகத்துக்கே கடிதம் எழுதினாலும் முகவரியில் ‘81930 பண்டார் பெனாவார்’ என்றுதான் போட வேண்டும். சுங்கை ரெங்கிட் வீட்டுக்கோ ‘81620 பெங்கெராங்’. இரண்டுமே கோத்தா திங்கி மாவட்டத்தில்தான் இருக்கின்றன. நில அலுவலக வேலைக்கு அவர்கள் வர வேண்டிய இடம் நம் டவுன்.

அப்படியானால் எதை எழுதுவது? கடிதமோ பார்சலோ வர வேண்டுமானால் அஞ்சல் பெயர். வீட்டு எண்ணும் தெருவும், அடுத்து தாமான் பெயர், அதற்கடுத்த வரியில் குறியீடும் அஞ்சல் பெயரும், கடைசியில் மாநிலம். ‘பெர்மாஸ் ஜெயா’ என்பது தாமான் வரியில் வர வேண்டியது; அதை விட்டுவிடக் கூடாது. கவனிக்க வேண்டியது, குறியீடும் பெயரும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதே. ‘81750 ஜொகூர் பாரு’ என்று எழுதினால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம், ஏனெனில் எண்தான் வழி காட்டுகிறது. ஆனால் வீடு ஜொகூர் பாருவில்தானே என்று நினைத்து ‘80000 ஜொகூர் பாரு’ என்று எழுதினால் கடிதம் நகர மையத்துக்குப் போய்விடும். அங்கே அந்தத் தெரு இல்லை. ஜாலான் மாவார் போன்ற பெயர் என்றால் நிலைமை இன்னும் மோசம். அந்தப் பெயரில் தெரு பல தாமான்களில் இருப்பதால், கடிதம் வேறொருவர் வாசலில் கிடக்கலாம். சந்தேகம் வந்தால் போஸ் மலேசியா இணையத்தளத்தில் குறியீட்டைத் தேடிப் பார்க்கலாம்.

பாரங்களில் ‘பண்டார்’ என்று கேட்டால் அஞ்சல் பெயர். ‘டாயேரா’ என்று கேட்டால் மாவட்டம். பெர்மாஸ் ஜெயா வீட்டுக்கு முதலாவது மாசாய், இரண்டாவது ஜொகூர் பாரு. ‘பிபிடி’ என்று ஊராட்சி மன்றத்தைக் கேட்டால் யோசிக்கவே வேண்டாம், மதிப்பீட்டு வரி பில்லின் தலைப்பைப் பார்த்து எழுதுங்கள். நிலத்தைப் பற்றிய பாரமாக இருந்தால் இவை எதுவும் உதவாது. பட்டாவில் உள்ள லாட் எண், முக்கிம், மாவட்டம் ஆகியவற்றை அப்படியே பார்த்து எழுத வேண்டும். பட்டாவில் ‘முக்கிம் பிளெந்தோங்’ என்று இருப்பதைக் கண்டு வேறு யாருடைய நிலமோ என்று பயந்தவர்களும் உண்டு.

தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. தோட்டத்தில் லயத்துக்கு லயம் தபால் வராது. ‘இன்ன தோட்டம், 81900 கோத்தா திங்கி’ என்று வந்தால் போதும். மொத்தமாக ஆபீசுக்குப் போகும், கிராணி பெயரைப் பார்த்துக் கொடுத்துவிடுவார். தோட்டம் கைமாறி ஆபீஸ் மூடிய பிறகு அந்த முகவரியில் கடிதத்தை வாங்க ஆள் இல்லை. ஆனால் பலருடைய வீட்டு நிலத்தின் பதிவில் இன்னும் அதே தோட்ட முகவரி இருக்கிறது. நில வரி பாக்கி விழுந்தால் நில அலுவலகம் 6ஏ பாரம் என்ற கோரிக்கை நோட்டீசை அனுப்பும். அதில் சொன்ன தொகையை மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் நிலத்தைப் பறிமுதல் செய்ய தேசிய நிலச் சட்டத்தில் இடம் உண்டு. நோட்டீஸ் போவது பதிவில் உள்ள முகவரிக்கு.

அடையாள அட்டையில் முகவரியை மாற்றினால் நில அலுவலகத்திலும் தானாக மாறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. தேசியப் பதிவிலாகா வேறு, நில அலுவலகம் வேறு, மதிப்பீட்டு வரிக்கான மன்றம் வேறு. மூன்று இடத்திலும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். போகும்போது அடையாள அட்டை, பட்டா நகல், கடைசியாகக் கட்டிய வரி ரசீது ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். புதிய முகவரியை எழுதும்போது குறியீட்டுக்குப் பக்கத்தில் அஞ்சல் பெயரை எழுதுங்கள்.

அந்த அம்மாவின் மகன் மூன்றாவது வேலையை இன்னும் முடிக்கவில்லையாம். “அடுத்த வாரம் லீவு போட்டுட்டுப் போறேன்னான் தம்பி” என்றார்.