காதுக்குள் தேங்கும் ரத்தம்

2008 மே 31 அன்று அமெரிக்காவின் நியூஜெர்சியில் நடந்த ஒரு போட்டிக்கு பிரிட்டிஷ் வீரர் ஜேம்ஸ் தாம்சன் வந்து நின்றபோதே அவருடைய ஒரு காது பெரிதாகப் புடைத்திருந்தது. மூன்றாவது சுற்றில் கிம்போ ஸ்லைஸ் விட்ட குத்தில் அந்தப் புடைப்பு உடைந்து ரத்தம் வழிந்தது. பார்ப்பவர்களுக்குக் காதே பிய்ந்துவிட்டதுபோல் தோன்றும். வழிந்ததோ முன்பே உள்ளே தேங்கிக் கிடந்த ரத்தம்.

மல்யுத்தக்காரர்களிடமும் குத்துச்சண்டைக்காரர்களிடமும் இது சகஜம். அரியானா பக்கத்து கோதாக்களில் நொறுங்கிய காதைப் பார்த்தே ஒருவரைப் பயில்வான் என்று அடையாளம் காண்பார்கள். சிலர் அதைப் பதக்கம்போலவே கருதுகிறார்கள். விரும்பி வைத்துக்கொள்பவர்களை விட்டுவிடலாம். வேண்டாம் என்பவருக்குத்தான் நேரம் குறைவு.

காது மடலுக்கு உருவம் கொடுப்பது உள்ளே இருக்கும் குருத்தெலும்பு. அதற்குச் சொந்தமாக ரத்தக் குழாய் கிடையாது. அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய உறையில்தான் ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. குருத்தெலும்புக்கு வேண்டிய சத்து அங்கிருந்துதான் கசிந்து இறங்குகிறது. மடலின் முன்பக்கத்தில் தோலுக்கு அடியில் கொழுப்பு இல்லாததால், தோலும் உறையும் குருத்தெலும்போடு இறுக்கமாக ஒட்டியிருக்கின்றன. தலையை அக்குளில் இறுக்கிப் பிடிக்கும்போதோ, காது எதிராளியின் தோளிலும் தரைவிரிப்பிலும் தேயும்போதோ, தோல் ஒரு பக்கம் இழுபட, குருத்தெலும்பு நின்ற இடத்திலேயே நிற்கிறது. உறை பிரிந்து, அதிலுள்ள நுண்குழாய்கள் அறுந்து, அந்த இடைவெளியில் ரத்தம் நிறைகிறது. குத்துச்சண்டையில் பக்கவாட்டாக விழும் குத்தும் இதையே செய்கிறது. குருத்தெலும்பே இல்லாத காது சோணைக்கு இந்தத் தொல்லை வருவதில்லை.

இனி நடப்பதுதான் உண்மையான சேதம். சத்து கிடைக்காத குருத்தெலும்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. பிரிந்து நிற்கும் உறையோ சும்மா இருப்பதில்லை. தன் பங்குக்குப் புதிய குருத்தெலும்பை ஒழுங்கில்லாமல் உண்டாக்கத் தொடங்குகிறது. தேங்கிய ரத்தமும் உறைந்து தழும்பாகிறது. காலிஃபிளவர் பூவைப்போல முண்டும் முடிச்சுமாகக் காது கெட்டிப்படுவது இப்படித்தான். காரணம் அடி என்றாலும், காதைக் கெடுப்பது அடிக்குப் பிறகு அங்கேயே விடப்படும் ரத்தம்.

மாலைப் பயிற்சி முடிந்த ஓர் இளைஞரை நினைத்துக்கொள்வோம். காதின் மேல்பாதியில் வீக்கம். மடலின் மடிப்புகள் மறைந்து வழுவழுவென்று இருக்கின்றன. அழுத்தினால் உள்ளே திரவம் நகர்வது தெரிகிறது. வெறும் கன்றிப்போன காதில் மடிப்புகள் அப்படியே இருக்கும், திரவமும் தளும்பாது. அன்றிரவோ மறுநாள் காலையிலோ அவர் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விட்டால் வேலை எளிது. மரத்துப்போக ஊசி போட்டபின், சிறிய வீக்கமாக இருந்தால் சற்றே தடித்த ஊசியால் ரத்தத்தை உறிஞ்சிவிடலாம். பெரிதாகவோ கட்டிதட்டியோ இருந்தால் மடிப்பின் வளைவை ஒட்டிச் சிறு கீறல் போட்டு, கட்டிகளை வெளியேற்றி, உப்புநீரால் கழுவுவார்கள். வளைவிலேயே கீறுவதால் தழும்பு வெளியே தெரியாது.

பலர் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த கட்டத்தில். ரத்தத்தை எடுத்துவிட்டாலும் இடைவெளி இருந்தால் சில மணி நேரத்தில் மறுபடியும் நிறைந்துவிடும். அதனால் காதின் முன்னும் பின்னும் பஞ்சு உருளைகளை வைத்து, மடலை ஊடுருவித் தையல் போட்டு இறுக்குகிறார்கள். உறை பழையபடி குருத்தெலும்போடு ஒட்ட ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதுவரை கோதாவில் இறங்கக் கூடாது. தலையைச் சுற்றி வெறும் கட்டுப் போடுவது நம்பகமானதல்ல; மடலின் குழிகளுக்குள் அழுத்தம் சரியாகப் போய்ச் சேராது. மறுநாளும் அடுத்த சில நாட்களிலும் மருத்துவர் மீண்டும் பார்ப்பது, ரத்தம் திரும்பச் சேர்கிறதா என்று அறியத்தான்.

பயிற்சிக்கூடத்திலேயே நண்பரிடம் சிரிஞ்சைக் கொடுத்து உறிஞ்சச் சொல்பவர்கள் உண்டு. அழுத்தம் சரியில்லாததால் வீக்கம் திரும்பும் என்பது ஒரு பக்கம். கிருமி உள்ளே போனால் அதைவிட மோசம். ரத்த ஓட்டமில்லாத குருத்தெலும்பில் பிடிக்கும் கிருமியை மருந்தால் அடக்குவது கடினம். சீழ் பிடித்தால் குருத்தெலும்பு கரைந்து, காது சுருங்கிவிடும். காது முழுவதும் சிவந்து சூடாகி வலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒரு வாரம், பத்து நாள் கழித்து வந்தால் ஊசியில் எதுவும் வராது. அதற்குள் உள்ளே திசு வளர்ந்திருக்கும்; காதைத் திறந்து அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். மாதக்கணக்கில் கெட்டிப்பட்டுப் போனதென்றால் குருத்தெலும்பைச் செதுக்கிச் சீரமைக்கும் அறுவைசிகிச்சைதான் வழி. அதற்குப் பிறகும் பழைய காது அப்படியே திரும்பும் என்று எந்த மருத்துவரும் உறுதி தர மாட்டார். மறுபடி கோதாவில் இறங்குபவருக்கு அது மீண்டும் நொறுங்கவும் கூடும் என்பதால், விளையாட்டை விட்ட பிறகு செய்துகொள்ளச் சொல்பவர்களே அதிகம்.