கோபம் வந்தா ஆள் மாறலாமா?

ஒரு சிறுவர் கதைக்காக மீனா என்ற பெண்ணுக்கு நான்கு முகங்கள் வரைந்தேன்: சிரிப்பு, கோபம், வெட்கம், வியப்பு. பார்த்த தோழி, "கோபமா இருக்கறது இவளோட அக்காவா?" என்று கேட்டாள்.

நான்கையும் தனித்தனியாக, வெறுந்தாளில் தொடங்கியதுதான் தப்பு. ட்ரேசிங் தாளில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்ததும் புரிந்தது. கோபத்தில் கண்களையே நெருக்கிச் சின்னதாக்கியிருந்தேன். கண்குழி எங்கே நகரும்? புருவம்தான் இறங்கி, உள்முனைகள் நெருங்கி, மேலிமையை மறைக்கும்.

இப்போது உணர்ச்சியே இல்லாத முகம் ஒன்றை முதலில் வரைகிறேன். மண்டை, காது, கண்களின் உள்முனைகள், மூக்கு ஆகியவற்றை அதிலிருந்து நகலெடுத்து, மற்றதை மட்டும் மாற்றுகிறேன். சிரிப்பில் கன்னம் ஏறிக் கீழிமையைத் தள்ளும். வியப்பில் கருவிழியைப் பெரிதாக்கத் தோணும், வேண்டாம். அதே கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிந்தால் போதும். வாய் திறக்கும்போது மேல்தாடை அசையாது, கீழ்த்தாடை மட்டும் இறங்கும். அதனால் மூக்குக்குக் கீழே முகம் நீளத்தான் வேண்டும். மோவாயை அதே இடத்தில் விட்டால் வாய் ஒட்டவைத்த மாதிரி இருக்கும்.

வெட்கத்துக்கு இந்த நகல் உதவாது. தலை குனிந்தால் உச்சி அதிகம் தெரியும், காதுகள் கண்களைவிட மேலே போகும். ஆகவே அந்த வெற்று முகத்தையே ஒருமுறை குனியவைத்து வரைந்து, அதன்மேல் வெட்கத்தைப் போடுகிறேன்.

கடைசியாக மீனாவின் இரட்டைச் சடையைக் கையால் மறைத்துப் பார்ப்பேன். சடை இல்லாமலும் நாலும் அவளாகவே தெரியணும். போன வாரம் வரைந்ததில் மூணுதான் தேறியது.