தாய் மெனுவில் டாம், பட், யம்... எந்த வார்த்தைக்குத் தட்டில் என்ன வரும்?

திண்டுக்கல்லில் எந்த ஹோட்டலில் உட்கார்ந்தாலும் மெனுவைப் படிக்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 'மட்டன் சுக்கா' என்றால் சுருள வதங்கி வரும். 'நாட்டுக்கோழிக் குழம்பு' என்றால் சோற்றில் ஊற்றிப் பிசையலாம். பேரில் உள்ள கடைசி வார்த்தையைப் பார்த்ததுமே தட்டில் என்ன வரப்போகுதுன்னு மனசுக்குத் தெரிஞ்சுடும்.

அதே நீங்க, கொடைக்கானல் டூரிலோ சென்னை மாலிலோ ஒரு தாய்லாந்து மெனுவைத் திறந்தால்? 'Tom Yum', 'Pad Thai', 'Yam Wun Sen'. டாம்னா யாரு, யம்னா சேனைக்கிழங்கா என்று முழிப்போம். கடைசியில் போட்டோவைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஒன்றை ஆர்டர் பண்ணுவோம்.

விஷயம் ரொம்ப சிம்பிள். நாம 'கோழி வறுவல்' என்று பொருளை முதலில் சொல்லி, சமைக்கும் விதத்தைக் கடைசியில் சொல்றோம். தாய்லாந்துக்காரர்கள் அப்படியே தலைகீழ். சமைக்கும் விதம் முதலில், பொருள் பின்னால். அதனால் முதல் வார்த்தையை மட்டும் பிடிச்சுக்கிட்டா, பாதி மெனு புரிஞ்ச மாதிரிதான்.

டாம்: கொதிக்க வைத்தது

'டாம்' என்றால் கொதிக்க வைப்பது. 'யம்' என்றால் புளிப்பு, காரம், உப்பு சேர்த்துக் கலப்பது. ரெண்டும் சேர்ந்ததுதான் டாம் யம். அந்த 'Yum'-க்கும் ஆங்கில 'யம்மி'க்கும் சம்பந்தமே இல்லை. பின்னால் 'கூங்' என்று இருந்தால் இறால், 'காய்' என்றால் கோழி. இறால் போட்ட டாம் யம் கூங்கை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது.

இந்தப் பேர் தரும் வாக்குறுதி, ரசம் மாதிரி ஓடுகிற ஒரு சூப். ரெண்டு பேருக்கு 600 மில்லி தண்ணீர் கொதிக்கணும். அதில் நசுக்கிய ரெண்டு எலுமிச்சைப்புல் தண்டு, ஐந்தாறு வில்லை பேரரத்தை, கிழித்த நாலு காஃபிர் லைம் இலை. வாசனை இறங்கியதும் காளான், கடைசியில் எட்டு இறால். இறால் சுருண்டு நிறம் மாறியதும் அடுப்பை அணைச்சுடணும். அதற்குப் பிறகுதான் நசுக்கிய மிளகாய், ரெண்டு ஸ்பூன் மீன் சாஸ், ரெண்டு மூணு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. நம்ம வீட்டில் எலுமிச்சை ரசத்தை இறக்கி வெச்ச பிறகு சாறு பிழிவோமே, அதே காரணம்தான். சாறு கொதிச்சா வாசனை போய், கசப்பு தட்டும். பேரில் 'டாம்' முடிந்த பிறகு 'யம்' வருவது போலவே, சமையலிலும் கொதி முடிந்த பிறகுதான் கலப்பு.

இதில் தெளிவான வகை ஒன்று. பாலும் வறுத்த மிளகாய் விழுதும் சேர்த்துச் செக்கச்செவேல் என வருவது இன்னொன்று. ரெண்டுமே சரியானவைதான். ஆனால் கரண்டியில் எடுத்தால் ஜெல்லி மாதிரி வழுவழுப்பாக விழுந்தால், அது சோளமாவு போட்ட ஹாட் அண்ட் சோர் சூப். பேர் மட்டும்தான் டாம் யம். கிண்ணத்தில் கிடக்கும் தண்டையும் வில்லையையும் மெல்ல வேண்டாம். கறிவேப்பிலை மாதிரி ஒதுக்கிடுங்க. காரம் குறைவா, தேங்காய்ப்பாலோடு வேணும்னா 'டாம் கா' கேளுங்க. 'கா' என்பது அந்தப் பேரரத்தைதான். நாட்டு மருந்துக்கடையில் இருமலுக்கு வாங்குகிற காய்ந்த சித்தரத்தை அதன் சொந்தக்காரர். ஆனால் அதைப் போட்டு வீட்டில் முயற்சி பண்ணினால் கஷாய வாசம்தான் வரும்.

பட்: வதக்கிப் புரட்டியது

'பட்' என்றால் நல்ல தீயில், வாணலியில், சில நிமிஷத்தில் புரட்டி எடுப்பது. இது தரும் வாக்குறுதி, குழம்பு இல்லாத தட்டு. பட் தாய் என்றால் அரிசி நூடுல்ஸ். நூடுல்ஸை வேகவைக்காமல் தண்ணீரில் ஊறவெச்சு, முட்டை, முளைகட்டிய பயறோடு புரட்டுவாங்க. சுவை தருவது புளி, பனைவெல்லம், மீன் சாஸ். மேலே வேர்க்கடலைப் பொடி. புளியும் வெல்லமும் நமக்குப் புதுசா என்ன? அதனால் முதல்முறை சாப்பிடுபவர்களுக்கு இது பயமில்லாத ஆர்டர்.

எங்கே தப்பு நடக்கும்? நாலு பிளேட்டை ஒரே வாணலியில் போட்டால் சூடு இறங்கி, நூடுல்ஸ் வதங்காமல் ஆவியில் வெந்துடும். தட்டின் அடியில் தண்ணீர் தேங்கி, நூடுல்ஸ் கட்டி கட்டியா ஒட்டியிருந்தால் அதுதான் அடையாளம். தக்காளி சாஸ் போட்டுச் சிவப்பாக்கி, ரொம்ப இனிப்பா வந்தால் புளிக்குப் பதில் அதை வெச்சு சமாளிச்சிருக்காங்கன்னு அர்த்தம். 'பட் க்ரா பாவ்' என்று பார்த்தால் தைரியமா வாங்கலாம். பூண்டு, மிளகாயோடு கொத்திய கறியைப் புரட்டி, கடைசியில் இலையைப் போடுவாங்க. அந்த இலை நம்ம துளசி இனம்தான்!

யம்: கலந்து பிசிறியது

தனியாக 'யம்' வந்தால் அது சாலட் வகை. ஆனால் மயோனைஸ் போட்ட குளுகுளு சாலட் இல்லை. ஸ்கூல் வாசலில் மாங்காய்க் கீற்றில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருவாங்களே, அதன் அண்ணன். எலுமிச்சைச் சாறு ரெண்டு ஸ்பூன், மீன் சாஸ் ரெண்டு ஸ்பூன், சர்க்கரை ஒரு ஸ்பூன், பச்சைமிளகாய். இதுதான் அடிப்படை. 'யம் வுன் சென்' என்றால் கண்ணாடி நூடுல்ஸில், 'யம் மாமுவாங்' என்றால் மாங்காயில் இதைக் கலப்பது. சூப்பில் 'Yum' என்றும் சாலட்டில் 'Yam' என்றும் எழுதினாலும் ரெண்டும் ஒரே சொல்தான்.

இது கேட்ட பிறகு கலக்கவேண்டிய அயிட்டம். முன்னாடியே கலந்து வெச்சா உப்பு தண்ணீரை இழுத்து, காய் துவண்டுடும். வீட்டுக்கு டெலிவரி வாங்கினால், சாற்றைத் தனி டப்பாவில் தரச்சொல்லுங்க.

சைவமா? அலர்ஜியா? இதைக் கேளுங்க

இதுதான் ரொம்ப முக்கியம். இந்த வார்த்தைகள் சமைக்கும் விதத்தைச் சொல்லுமே தவிர, உள்ளே இருக்கும் உப்பு எங்கிருந்து வந்ததுன்னு சொல்லாது. காய்கறி டாம் யம் என்று போட்டிருந்தாலும் மீன் சாஸ் இருக்கலாம். அந்தச் சிவப்பு மிளகாய் விழுதில் பெரும்பாலும் காய்ந்த இறால் அரைச்சிருப்பாங்க. 'வெஜ் தானே?' என்று கேட்டால் 'ஆமா சார், சிக்கன் இல்லை' என்பதோடு பதில் முடிஞ்சிடலாம். அதனால், 'மீன் சாஸ் போடுவீங்களா? மிளகாய் விழுதில் இறால் இருக்கா?' என்று ரெண்டு கேள்வியா கேளுங்க. இறால் அலர்ஜி உள்ளவங்க, பதில் தெளிவா வரலைன்னா அந்த சூப்பை விட்டுடுறதுதான் நல்லது.

இப்போ ஒரு டெஸ்ட். மெனுவில் 'டாம் யம் காய்' என்றும் 'பட் க்ரா பாவ் காய்' என்றும் இருக்கு. கையில் வெள்ளைச் சோறு இருக்கு. பிசைஞ்சு சாப்பிட கொஞ்சம் ஈரம் வேணும். எதைச் சொல்வீங்க? முதல் வார்த்தையைப் பாருங்க. ரெண்டாவது சுக்கா கட்சி. அதனால் முதலாவதுதான்!