140 கோடி டாலர் லாபம், மிச்சம் 10 கோடி

அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான வேர்ல்ட்காம், 2001-ஆம் ஆண்டில் சுமார் 140 கோடி டாலர் நிகர லாபம் ஈட்டியதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு ஜூன் 25 அன்று, ஐந்து காலாண்டுகளின் கணக்கில் 380 கோடி டாலருக்கு மேல் தவறாக எழுதப்பட்டிருப்பதாக அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஜூலையில் திவாலானது. அதன் லாப நட்டக் கணக்கை மட்டும் படித்தவர்களுக்கு முறைகேடு எளிதில் கண்ணில் பட்டிருக்காது. ஆனால் அதே ஆண்டறிக்கையில் சில பக்கங்கள் தள்ளியிருந்த பணப்பாய்வு அறிக்கையில், இரண்டே வரிகளைக் கழித்துப் பார்த்திருந்தால் ஒரு கேள்வியாவது எழுந்திருக்கும்.

பணப்பாய்வு அறிக்கை, அதாவது கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மெண்ட், மூன்று பகுதிகளாக இருக்கும். தொழிலை நடத்தியதில் வந்த பணம் முதல் பகுதி. இயந்திரம், கட்டடம் போன்றவற்றில் போட்ட பணம் இரண்டாவது. கடன் வாங்கியது, அடைத்தது, டிவிடெண்ட் கொடுத்தது மூன்றாவது. முதல் பகுதி பெரும்பாலும் லாபத்தில்தான் தொடங்கும். கையிலிருந்து பணம் போகாத செலவான தேய்மானத்தை அதோடு கூட்டுவார்கள். சரக்கு விற்றும் இன்னும் வசூலாகாத பாக்கி கூடியிருந்தால் அதைக் கழிப்பார்கள். கடைசியில் நிற்பது தொழில் தந்த ரொக்கம். லாபம் ஆண்டுக்காண்டு ஏற, இந்தத் தொகை மட்டும் தேங்கி நின்றால், விற்பனை ஏட்டில் நடக்கிறது, வசூல் நடக்கவில்லை என்று அர்த்தம். பல முறைகேடுகள் இங்கேயே தெரிந்துவிடும்.

வேர்ல்ட்காமில் இந்தச் சோதனை பலிக்கவில்லை. அதனால்தான் அந்தக் கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2001-இல் தொழில் தந்த ரொக்கம் என்று அவர்கள் காட்டியது சுமார் 800 கோடி டாலர். லாபத்தைப் போலப் பல மடங்கு. பார்ப்பவர் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்.

நடந்தது இதுதான். தன் வாடிக்கையாளர்களின் அழைப்புகளைக் கொண்டு சேர்ப்பதற்காக வேர்ல்ட்காம் மற்றத் தொலைபேசி நிறுவனங்களுக்குக் கட்டணம் கட்டி வந்தது. மின்கட்டணம் போல அது அன்றாடச் செலவு, அந்தந்தக் காலத்திலேயே லாபத்திலிருந்து கழிய வேண்டியது. அதில் 2001-இல் மட்டும் 305 கோடி டாலரை, ஏதோ புதிய கருவிகள் வாங்கியதுபோல மூலதனச் செலவாக மாற்றி எழுதினார்கள். செலவு குறைந்ததால் லாபம் உயர்ந்தது. தொழில் தந்த ரொக்கமும் உயர்ந்தது, ஏனென்றால் வெளியே போன பணம் முதல் பகுதியிலிருந்து இரண்டாம் பகுதிக்கு இடம் மாறிவிட்டது.

ஆனால் பணம் போனது போனதுதான். முதல் பகுதியில் மறைத்தது இரண்டாம் பகுதியில் வந்து நின்றே ஆக வேண்டும். அந்த ஆண்டின் மூலதனச் செலவு சுமார் 790 கோடி டாலர். 800-இலிருந்து 790-ஐக் கழித்தால் மிஞ்சுவது 10 கோடி சொச்சம். இந்த மிச்சத்தைத்தான் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ என்கிறார்கள். கடனை அடைக்கவும் டிவிடெண்ட் தரவும் உண்மையில் இருக்கும் பணம் அது. செலவை எந்தப் பகுதியில் எழுதினாலும் இந்தக் கழித்தலின் விடை மாறாது. 305 கோடியைத் திரும்ப அதன் இடத்தில் வைத்துப் பாருங்கள்: 495-இலிருந்து 485 போனால் அதே 10 கோடி.

மிச்சம் குறைவு என்பதாலேயே ஒரு நிறுவனத்தை மோசடி என்று சொல்லிவிட முடியாது. புதிய ஆலை கட்டும் நிறுவனத்துக்குச் சில ஆண்டுகள் மிச்சம் எதிர்மறையாகவே இருக்கும். ஆகவே ஐந்தாறு ஆண்டுகளைச் சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். போட்ட முதலுக்கு ஏற்ப விற்பனையோ உற்பத்தியோ கூடியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். மொத்த லாபத்தோடு ஒப்பிட மிச்சம் தொடர்ந்து அற்பமாகவே இருந்து, கடன் மட்டும் ஏறிக்கொண்டிருந்தால், அந்த லாபத்தை நம்பிப் பங்கு வாங்க நான் துணியமாட்டேன்.

இந்தக் கழித்தலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஹைதராபாத்தின் சத்யம் நிறுவனத்தில் 2009 ஜனவரியில் வெளிவந்தது வேறு வகை. அங்கே வங்கி இருப்பே பொய். இல்லாத 5,040 கோடி ரூபாயை இருப்பதாகக் காட்டியிருந்தார்கள். வரவேண்டிய வட்டி என்று எழுதிய 376 கோடியும் கற்பனை. ரொக்கமே போலியாகும்போது ரொக்கத்தை வைத்துச் செய்யும் எந்தக் கணக்கும் உதவாது. அங்கே வெளியே போகும் பணத்தைப் பார்க்க வேண்டும்: அவ்வளவு பணம் வைத்திருக்கும் நிறுவனம் பங்குதாரர்களுக்கு எவ்வளவு டிவிடெண்ட் கொடுத்தது, எவ்வளவு வரி கட்டியது, கையில் பணமிருந்தும் ஏன் கடன் வாங்கியது. இந்த மூன்றுக்கும் விடை அதே பணப்பாய்வு அறிக்கையில் தனித்தனி வரிகளாக இருக்கும்.