பிளாட்பாரக் கணக்கும் கப்ளிங் கணக்கும்

எல்லாப் பெட்டிகளும் ஒரே நீளம் என்றால், ஐந்தாவது பெட்டி பிளாட்பாரத்தில் எங்கே நிற்கும் என்பதை ரயில் வருவதற்கு முன்பே சொல்லிவிடலாம். எல்.எச்.பி. பெட்டி ஒன்றின் நீளம் சுமார் 24 மீட்டர். முதல் பெட்டி தொடங்கும் இடத்திலிருந்து 4 × 24 = 96 மீட்டர் தள்ளிப் போய் நின்றால் ஐந்தாவது பெட்டியின் தொடக்கம் அங்கேதான். பதினெட்டாவது பெட்டிக்கும் இதே ஒரு பெருக்கல், ஒரு கூட்டல்தான்.

கணினியின் நினைவகத்தில் அரே என்கிற அணி இப்படித்தான் அமைகிறது. எண்கள் இடைவெளியின்றி அடுத்தடுத்து இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 4 பைட், முதல் எண்ணின் முகவரி 1000 என்றால், ஐந்தாவது எண்ணின் முகவரி 1000 + 4 × 4 = 1016. அரேயில் எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் தொடங்குவதும் இதனால்தான். அந்த எண் சொல்வது, முன்னால் எத்தனை பெட்டிகள் இருக்கின்றன என்பதை. முதல் பெட்டிக்கு முன்னால் ஒன்றுமில்லை.

இனி ரயிலுக்குள் ஏறிக்கொள்வோம். S1-இல் தொடங்கி டிக்கெட் பார்த்துக்கொண்டே போகும் பரிசோதகர், ஒவ்வொரு பெட்டியையும் கடந்துதான் அடுத்ததற்குப் போக முடியும். லிங்க்டு லிஸ்ட் அப்படிப்பட்டது. அதில் ஒவ்வொரு பெட்டிக்கும் நோட் என்று பெயர். நோடுக்குள் தரவும் இருக்கும், அடுத்த நோடின் முகவரியும் இருக்கும். ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்கக் கூடாது. ரயில் பெட்டிகள் ஒட்டி நிற்கின்றன. நோடுகளோ நினைவகத்தில் எங்கெங்கோ சிதறிக் கிடக்கலாம். அந்த முகவரிதான் அவற்றைக் கோக்கும் கப்ளிங்.

1955–56இல் ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா, ஹெர்பர்ட் சைமன் மூவரும் தர்க்கத் தேற்றங்களை நிறுவும் நிரல் ஒன்றுக்காக இந்த முறையை உருவாக்கினார்கள். நிரல் ஓடும்போது எந்தப் பட்டியல் எவ்வளவு வளரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. ஆகவே இடத்தை முன்பே அளந்து ஒதுக்குவது சரிப்படவில்லை.

S2-க்கும் S3-க்கும் நடுவே புதுப் பெட்டி ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அரேயில் S3 முதல் கடைசி வரை உள்ள அத்தனையும் ஓர் இடம் பின்னால் நகர வேண்டும். பின்னால் இடமில்லையென்றால் முழு வரிசையையும் பெரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். லிங்க்டு லிஸ்டில் இரண்டே வரி:

```python
new.next = s2.next
s2.next = new
```

முதலில் புதுப் பெட்டியை S3-உடன் மாட்டுகிறோம். பிறகுதான் S2-ஐப் புதுப் பெட்டியுடன் மாட்டுகிறோம். வரிசையை மாற்றி எழுதினால் என்ன ஆகும்? S2 புதுப் பெட்டியைக் காட்டத் தொடங்கிய நொடியிலேயே S3-இன் முகவரி தொலைந்துவிடும். அடுத்த வரி, புதுப் பெட்டியை அதனுடனேயே மாட்டிவிடும். பட்டியலை அச்சிட்டால் S1, S2, அதன்பின் புதுப் பெட்டியின் பெயரே முடிவில்லாமல் வந்துகொண்டிருக்கும். நிரல் நிற்காமல் ஓடி, ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் இந்தத் தவறைத்தான் முதலில் தேட வேண்டும்.

இதை வைத்து, நடுவில் சேர்ப்பதற்கு லிங்க்டு லிஸ்ட்தான் எப்போதும் வேகமானது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். S2 ஏற்கெனவே கையில் இருந்தால்தான் அது உண்மை. ஆயிரமாவது இடத்தில் சேர்க்க வேண்டுமென்றால் அதுவரை ஒவ்வொன்றாக நடந்தே போக வேண்டும். அந்த நடையும் மெதுவானது. இன்றைய பெரும்பாலான செயலிகள் நினைவகத்திலிருந்து ஒரு தடவைக்கு 64 பைட்டை அள்ளிவருகின்றன. அரேயில் அது 16 எண்கள். அடுத்து வேண்டியவை முன்கூட்டியே வந்துவிடுகின்றன. சிதறிக் கிடக்கும் நோடுகளில் அந்த வசதி இல்லை. ஒவ்வொரு தாவலுக்கும் செயலி காத்திருக்க நேரலாம். அதனால் சிறிய பட்டியல்களில், எண்களை நகர்த்தும் வேலை இருந்தும், அரேயே பெரும்பாலும் முந்திவிடும்.

பைத்தானின் `list` பெயரளவில்தான் லிஸ்ட். உள்ளே அது அரே. அதன் முன்பக்கம் ஒன்றைச் சேர்த்தால் மற்ற எல்லாம் நகரும். இரு முனைகளிலும் அடிக்கடி சேர்க்கவும் எடுக்கவும் `deque` இருக்கிறது. பரவலாகப் பயன்படும் சிபைத்தானில் அது 64 இடங்கள் கொண்ட சிறு அரேக்களைக் கப்ளிங் போட்டுக் கோத்த தொடர். பெட்டிக்குப் பெட்டி நடந்துதான் போக வேண்டும். பெட்டிக்குள் போய்விட்டால் பெர்த் எண்ணைக் கொண்டு நேராகப் போகலாம். நடுவில் உள்ளதை எண் சொல்லி எடுப்பதே அதிகமென்றால் `list`, முனைகளில்தான் வேலை என்றால் `deque` என்று தேர்ந்துகொள்ளலாம்.