அரை விநாடி பின்னால்: ஆங்கிலத்தின் தாளம் பழக ஒரு வழி

ஒலிப்பதிவில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர் முடிக்கும்வரை காத்திராமல், அரை விநாடி பின்னால் அவரோடு சேர்ந்து அதே சொற்களை அதே வேகத்திலும் அதே ஏற்ற இறக்கத்திலும் சொல்லிக்கொண்டு போவதற்கு ‘ஷேடோயிங்’ என்று பெயர். தமிழில் நிழல்பேச்சு எனலாம். பதிவை நிறுத்தி, கேட்ட வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லும் வகுப்பறைப் பயிற்சி இதிலிருந்து வேறுபட்டது. அங்கே வாக்கியம் முடிந்தபின் கிடைக்கும் இடைவெளியில், கேட்டவர் அதை நினைவிலிருந்து எடுத்துத் தம்முடைய பழைய தாளத்திலேயே சொல்லிவிடுகிறார். நிழல்பேச்சில் அந்த இடைவெளி கிடைப்பதில்லை. அதன் பலன் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

இந்த உத்தி மொழி கற்பிப்பதற்காகப் பிறந்ததல்ல. 1953இல் காலின் செர்ரி என்ற ஆய்வாளர், இரண்டு காதுகளிலும் வெவ்வேறு பேச்சு ஒலிக்கும்போது மனம் எதைக் கவனிக்கிறது என்று அறிய, ஒரு காதில் விழுவதை உடனுக்குடன் திருப்பிச் சொல்லும்படி ஆட்களைக் கேட்டார். பின்னர் மாநாடுகளில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர்களுக்கான தொடக்கப் பயிற்சியாகவும், அதன்பின் ஜப்பானிய ஆங்கில வகுப்புகளில் முறையான பாடமாகவும் இது பரவியது. 1973இல் வில்லியம் மார்ஸ்லென்-வில்சன் வெளியிட்ட ஆய்வில், தாய்மொழிப் பேச்சைக் கால் விநாடி இடைவெளியில் பின்தொடர்ந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் தவறியபோதும் வாக்கியத்துக்குப் பொருந்தும் சொல்லையே போட்டார்கள். பொருளும் புரிந்துகொண்டேதான் பேசினார்கள் என்பது அதன் முடிவு. அயல்மொழியில் கவனம் இப்படி இரண்டு பக்கமும் எளிதில் ஓடாது. பொருளைத் தேடினால் ஒலி தவறும், ஒலியைப் பிடித்தால் பொருள் நழுவும். ஆகவே பொருளை முன்கூட்டியே முடித்துவைத்துவிட்டு, வாயைத் திறக்கும்போது ஒலிக்கு மட்டும் கவனம் தருவது நல்லது.

தமிழரின் ஆங்கிலத்துக்கு இந்தப் பயிற்சி ஏன் பொருந்துகிறது என்பதற்குத் தமிழிலேயே காரணம் இருக்கிறது. தமிழில் குறிலும் நெடிலும் பொருளை மாற்றுபவை. ஒற்று இரட்டிப்பதும் அப்படியே. ‘படு’ வேறு, ‘பாடு’ வேறு. ‘படம்’ வேறு, ‘பட்டம்’ வேறு. அதனால் ஒவ்வோர் அசைக்கும் உரிய நேரத்தை ஒழுங்காகக் கொடுத்தே தமிழ் நாக்கு பழகியிருக்கிறது. ஆங்கிலம் நேரத்தை வேறு விதமாகச் செலவிடுகிறது. வாக்கியத்தில் செய்தி சுமக்கும் மூன்று நான்கு அசைகளை அழுத்தி, நீட்டி, குரலை உயர்த்திச் சொல்கிறது. மற்றவற்றை அவற்றின் இடுக்கில் அமுக்கிவிடுகிறது. அழுத்தங்களுக்கு இடையேயுள்ள நேரம் கடிகாரம்போலச் சமமாக இருக்கும் என்று பழைய பாடநூல்கள் சொன்னதைக் கருவி அளவீடுகள் உறுதிப்படுத்தவில்லை. ஆனால் அழுத்தமற்ற அசைகள் சுருங்குவது உண்மை. தமிழருக்கு அது முற்றிலும் புதிதும் அல்ல. ‘பட்டு’, ‘நாக்கு’ போன்ற சொற்களின் கடைசி உகரம் அரை மாத்திரையாகத் தேய்வதைத்தான் இலக்கணம் குற்றியலுகரம் என்கிறது. அந்தத் தேய்வு ஆங்கிலத்தில் சொல்லின் எந்த இடத்திலும் நேரும்.

இசையிலும் ஒரு வேறுபாடு உண்டு. தமிழர் ஆங்கிலம் பேசும்போது எழும் குழப்பங்களில் பல தாளத்தைவிட இதனால்தான் நேர்கின்றன. தமிழில் எதை வலியுறுத்துகிறோம் என்பதைச் சொல்ல ‘தான்’ இருக்கிறது, ஏகாரம் இருக்கிறது. ‘நான்தான் அவளிடம் சொன்னேன்’, ‘அவளிடம்தான் சொன்னேன்’ என்று எழுத்திலேயே வேறுபாடு தெரியும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஐ டோல்ட் ஹர்’ என்ற அதே மூன்று சொற்கள்தான். ‘ஐ’ மீது குரல் ஏறினால் முதல் பொருள், ‘ஹர்’ மீது ஏறினால் இரண்டாவது. தமிழ் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தவர், ஒட்டிக்கொள்ள ‘தான்’ இல்லாத இடத்தில் குரலையும் ஏற்றாமல் விட்டுவிடுகிறார். இலக்கணப் பிழை ஏதும் இல்லை, ஆனாலும் கேட்பவருக்கு எது முக்கியம் என்று தெரிவதில்லை.

பயிற்சிக்கு எடுக்கும் பேச்சு ஒரு நிமிடத்துக்குள் இருந்தால் போதும். இயல்பாகப் பேசுபவர் அதற்குள் ஏறத்தாழ 130 முதல் 150 சொற்கள் சொல்லிவிடுவார். ஒரே ஆள் பேச வேண்டும், பின்னணி இசை கூடாது, எழுத்து வடிவம் கிடைக்க வேண்டும், அறியாத சொற்கள் இரண்டு மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. டெட் உரைகளுக்கு எழுத்து வடிவம் கிடைக்கும் என்பதால் அவை வசதியானவை. கைத்தட்டலும் சிரிப்பும் குறுக்கிடாத நடுப்பகுதியிலிருந்து ஒரு நிமிடத்தை வெட்டி எடுக்கலாம். கற்பவர்களுக்கென்றே 1959இல் தொடங்கி மெதுவாக வாசித்து ஒலிபரப்பப்பட்ட வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் எளிய ஆங்கிலச் செய்திகளைப் பலர் பரிந்துரைப்பார்கள். பொருள் புரிந்து கேட்க அவை நல்லவை, தாளம் பழக அவ்வளவு உதவாது. சொற்களைப் பிரித்துப் பிரித்துச் சொல்வதால், கற்க வேண்டிய சுருக்கமே அவற்றில் குறைந்துவிடுகிறது. பேசுபவர் ஆங்கிலேயராகவோ அமெரிக்கராகவோதான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவருடைய குரல் உயரம் கற்பவரின் குரலுக்கு அருகில் இருப்பது அதைவிட முக்கியம். கட்டைக்குரல் கொண்ட ஆண் கீச்சுக்குரலைப் பின்தொடர்ந்தால் இசையை அளவறிந்து பிடிப்பது கடினம்.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். ‘ஐ வான்ட் டு டாக் டு யூ அபவுட் தி வாட்டர் இன் அவர் டவுன்’: எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி உங்களிடம் பேச விரும்புகிறேன். தமிழ்ப் பழக்கத்தில் இதன் பதினான்கு அசைகளும் ஏறக்குறைய ஒரே கனத்தில் விழும். ‘வாட்டர்’ என்பதில் டகரம் இரட்டித்து இன்னும் கொஞ்சம் நேரம் தின்னும். சரளமான ஆங்கிலப் பேச்சில் குரல் ஊன்றும் இடங்கள் மூன்று: டாக், வாட், டவுன். ‘ஐ வான்ட் டு’ ஏறத்தாழ ‘ஐவான்ட’ என்றாகும். ‘டு யூ அபவுட் தி’ என்ற ஐந்து அசைகளும் ‘டயபவ்த’ என்பதுபோல ஒரே மூச்சில் ஓடிவிடும். ‘டாக்’கில் குரல் ஏறும், ‘வாட்’டில் மறுபடி சற்று எழும், ‘டவுன்’ என்ற ஓரசைக்குள்ளேயே மேலிருந்து கீழே வழுக்கி இறங்கி வாக்கியம் முடிந்தது என்று சொல்லிவிடும். அந்த இறக்கம் பாதியில் நின்றுவிட்டால், பேசுபவர் இன்னும் ஏதோ சொல்லப்போகிறார் என்று கேட்பவர் காத்திருப்பார்.

பயிற்சி கேட்பதிலிருந்து தொடங்குகிறது. முதலில் தாளைப் பார்க்காமல் இரண்டு முறை கேட்டு, அதன்பின் எழுத்து வடிவத்தைப் படித்துப் பொருளை முடித்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் முறை பென்சிலோடு கேட்டு, குரல் ஊன்றும் அசைகளின் கீழே கோடும், மூச்சு விடும் இடத்தில் சாய்கோடும் போட வேண்டும். அடுத்ததாக, சொற்களை விட்டுவிட்டு, வாயை மூடி ‘ம்ம்’ என்று இசையை மட்டும் பதிவோடு சேர்ந்து முனகுவது. கற்பவர்கள் பெரும்பாலும் தவிர்த்துவிடும் படி இது. ஆனால் இசை தனியாகப் பிடிபடுவது இங்கேதான். பிறகு ஊன்றும் அசைகளை மட்டும் சொல்லிக்கொண்டு இன்னொரு முறை போகலாம். மேலே கண்ட வாக்கியத்தில் டாக், வாட், டவுன் மூன்றும் பதிவோடு சரியாக விழுந்தால் போதும், இடையில் உள்ளவை பின்னால் வந்து நிரம்பிக்கொள்ளும். அதன்பின் தாளைப் பார்த்துக்கொண்டு முழுவதும் சொல்வது, கடைசியாகத் தாளை ஒதுக்கிவிட்டுச் சொல்வது. தாள் கையில் இருக்கும்வரை கண் எழுத்தைக் கூட்டும், வாய் வாசிப்புத் தாளத்துக்குத் திரும்பிவிடும். ஆகவே இரண்டாம் நாளிலிருந்தே தாளை விலக்கத் தொடங்கிவிடலாம். காதொலிப்பானை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டால் சொந்தக் குரலும் காதில் விழும். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். ஒரே பகுதியில் நான்கைந்து நாள் நிற்க வேண்டும்.

பின்தங்கும் தூரம் ஒரு சொல், இரண்டு சொல் அளவில் இருக்க வேண்டும். வாக்கியம் முழுவதும் கேட்டபின் வாய் திறந்தால் அது மனப்பாட ஒப்பிப்பாகிவிடும். வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாதபோது பதிவின் வேகத்தை 0.75 அளவுக்குக் குறைப்பதில் தவறில்லை. அதற்கும் கீழே போனால் தேய்ந்த அசைகள் செயற்கையாக நீண்டு, தாளத்தின் வடிவமே மாறிவிடும். அதைவிட முழு வேகத்தில் சில சொற்களைத் தவறவிட்டு, அடுத்த அழுத்தத்தில் போய் ஒட்டிக்கொள்வது மேல். மறுபக்கம், வேகமாகப் பேசுவதையே தாளம் என்று எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. அவர்கள் எல்லா அசைகளையும் சமமாகவே வைத்துக்கொண்டு ஓடுவார்கள், சொற்களின் கடைசி மெய்யும் போய்விடும். பழைய பேச்சைவிட அது புரிவது கடினம்.

முன்னேற்றம் தெரிவது சொந்தப் பதிவில்தான். ஒரு கைபேசியில் பேச்சை ஓட்டி, இன்னொன்றில் தம் குரலை மட்டும் பதிவுசெய்துகொண்டு, இரண்டையும் சாய்கோடுகளுக்கு இடைப்பட்ட துண்டு துண்டாக மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். விரலால் மேசையைத் தட்டிக்கொண்டு கேட்டால், ஒரு துண்டில் மூலத்துக்கு மூன்று தட்டும் தம் குரலுக்கு ஏழு தட்டும் விழுவது உடனே தெரியும். கணினி உள்ளவர்கள், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான Praat என்ற இலவச மென்பொருளில் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கோடாகவே பார்க்கலாம். மூலத்தில் மலையும் பள்ளமுமாகப் போகும் கோடு, தொடக்கநிலையாளரின் பதிவில் பெரும்பாலும் தட்டையாகக் கிடக்கும். வாக்கியக் கடைசியில் கோடு எவ்வளவு இறங்குகிறது என்பதை முதலில் பார்த்தால் போதும்.

இந்தப் பயிற்சியால் ஆகாதவையும் உண்டு. ஜெனிஃபர் ஃபூட், கிம் மெக்டோனோ இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சிறு குழு எட்டு வாரம் கையடக்கக் கருவிகளில் நிழல்பேச்சு பழகியது. முடிவில் அவர்களுடைய சொந்தப் பேச்சு கேட்பவர்களுக்கு எளிதாகப் புரிந்தது, சரளமும் கூடியிருந்தது. ஆனால் அயல்மொழியாளரின் உச்சரிப்புச் சாயல் குறைந்ததாக மதிப்பீட்டாளர்களுக்குத் தெரியவில்லை. தமிழர் நாக்கில் ஒன்றுபோல விழும் ‘வி’, ‘டபிள்யூ’ ஒலிகளையோ, ‘எஸ்’, ‘இசட்’ ஒலிகளையோ இது தானாகப் பிரித்துக் கொடுத்துவிடாது. அவற்றுக்குத் தனித்தனி ஒலிப்பயிற்சி வேண்டும்.

அடுத்தவர் வாக்கியத்தைச் சொல்லும்போது வந்த தாளம், சொல்லைத் தேடிப் பேசும்போது கலைந்துபோவதும் வழக்கம். அதனால் ஒரு பகுதியை முடிக்கும் நாளில், பதிவை அணைத்துவிட்டு அதே விஷயத்தைச் சொந்த வாக்கியங்களில் ஒரு நிமிடம் பேசிப் பதிவுசெய்வது நல்லது. அந்தப் பதிவிலும் மூன்று நான்கு இடங்களில் மட்டும் குரல் ஊன்றி, வாக்கியக் கடைசி முழுதாக இறங்கியிருந்தால் அடுத்த பகுதிக்குப் போகலாம்.